கோளாறு எங்கே? வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கான ஒரு பக்கக் கையேடு

வீட்டிலிருந்து பணிபுரியும் ஊழியருக்கும் அலுவலகக் கோப்புகளுக்கும் இடையே நான்கு கண்ணிகள் உள்ளன. முதற்கண்ணி அவருடைய மடிக்கணினி. இரண்டாவது, மடிக்கணினியை வீட்டு ரூட்டருடன் இணைக்கும் வைஃபை. மூன்றாவது, ரூட்டரிலிருந்து இணையச் சேவை நிறுவனத்துக்குச் செல்லும் கம்பியும் அந்நிறுவனத்தின் வலையமைப்பும். நான்காவது, அலுவலகத்தின் வி.பி.என். எனப்படும் பாதுகாப்பு வாயிலும் அதற்கப்பால் உள்ள கணினிகளும். இந்நான்கில் எது அறுந்தாலும் ஊழியரின் திரையில் தெரிவது ஒன்றே. கோப்பு திறப்பதில்லை. அதைக் கண்டவுடன் 'நெட்வொர்க் இல்லை' என்று புகார் எழுதப்படுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நான்கு கண்ணிகளுக்கும் பொறுப்பாளர் ஒருவரல்லர். மடிக்கணினியும் பாதுகாப்பு வாயிலும் அலுவலக உதவி மையத்தின் பொறுப்பு. வைஃபை, ஊழியரின் சொந்த வீட்டு ஏற்பாடு. கம்பி, சேவை நிறுவனத்தின் பொறுப்பு. புகார் தவறான இடத்துக்குச் சென்றால், பெற்றவர் தம் பகுதியைச் சோதித்து, குறையேதும் இல்லையெனப் பதிவு செய்து, புகாரை முடித்துவிடுவார். அவர் செய்தது முறையே. ஆனால் கோளாறு அப்படியே இருக்கும், ஒரு வேலைநாளும் கழிந்திருக்கும்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கும்வரை பெரும்பாலான அலுவலகங்களில் இந்தக் கேள்வி எழவில்லை. வலையமைப்பைப் பராமரிப்பவர் ஊழியரின் மேசைக்கே நடந்துவந்து விளக்கைப் பார்ப்பார், கம்பியை அசைத்துப் பார்ப்பார். வீட்டில் அதற்கு வழியில்லை. பழுது பார்ப்பவரின் கண்ணாக ஊழியரே இருக்க வேண்டியுள்ளது. எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை அவருக்குச் சொல்வதே ஒரு பக்கக் கையேட்டின் பணி. கோளாறைத் திருத்துவது அதன் நோக்கமன்று. கோளாறு எந்தக் கண்ணியில் உள்ளது என்று கண்டு, உரியவரிடம் புகாரைச் சேர்ப்பதே அதன் நோக்கம்.

வரிசையின் அடிப்படை

சோதனைகளை எந்த வரிசையில் அமைப்பது என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. மிகக் குறைந்த நேரத்தில், மிக அதிகமான காரணங்களை விலக்கும் சோதனை முதலில் வர வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். ஒரு சாதனத்தை மாற்றிப் பார்க்க மூன்று நிமிடம் ஆகும். கட்டளைகளைத் தட்டெழுதிப் பார்க்க ஐந்து நிமிடம் தேவை. ஆகவே விளக்கு, மாற்றுச் சோதனை, கட்டளை என்ற ஒழுங்கு பொருத்தமானது. கட்டளைகளை முதலில் வைக்கும் கையேடுகள் பல உள்ளன. அவற்றைக் கணினி வல்லுநர்களே படித்து முடிக்கிறார்கள். கையேடு தேவைப்படுவோர் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

விளக்குகள் கூறுவது

இந்திய நகரங்களில் இன்று பல வீடுகளுக்கு இணையம் ஒளியிழைக் கம்பி வழியே வருகிறது. அக்கம்பி வந்து முடியும் சிறு பெட்டியில் விளக்குகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் மூன்றை அறிந்தால் போதுமானது.

முதலாவது மின்விளக்கு. அது எரியவில்லையெனில் கோளாறு மின்சாரத்தில் அல்லது அடாப்டரில் உள்ளது. இரண்டாவது பி.ஓ.என். என்று குறிக்கப்பட்டது. பெட்டி சேவை நிறுவனத்தின் மறுமுனைச் சாதனத்தில் பதிவாகியிருந்தால் அது அசையாமல் பச்சையாக எரியும். சிமிட்டிக்கொண்டே இருந்தால், பதிவு செய்ய முயன்றும் இயலவில்லை என்பது பொருள். மூன்றாவது எல்.ஓ.எஸ். என்று குறிக்கப்பட்டது. இது அணைந்திருப்பதே நல்லது. சிவப்பாகச் சிமிட்டினால் ஒளிச் சமிக்ஞை பெட்டிக்கு வந்து சேரவில்லை.

ஒளியிழையைப் பொறுத்தவரை, கம்பி அறுபடாமலும் சமிக்ஞை இழக்கப்படலாம். பொதுவாகப் பயன்படும் பெட்டிகளுக்கு ஏறத்தாழ -27 டி.பி.எம். அளவுவரை வலுக்குறைந்த ஒளி போதும். மேசையைச் சுவரோடு தள்ளும்போது கம்பி கூர்மையாக மடங்கினால், வளைவில் ஒளி வெளியே கசிந்து அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே சிவப்பு விளக்கைக் கண்டவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. பெட்டிக்குப் பின்னுள்ள மெல்லிய கம்பி மடங்கியிருக்கிறதா, செருகி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பை நேராக்கியும் சிவப்பு நீங்கவில்லையெனில் மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை. புகார் சேவை நிறுவனத்துக்கே உரியது. செருகியைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் உற்றுநோக்குவது கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, விழித்திரைக்குக் கேடு செய்ய வல்லது.

இவ்விடத்தில் மின்வெட்டையும் கருத வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் பெட்டி எரிந்துகொண்டிருக்கும், ஆயினும் இணையம் இராது. சில நிறுவனங்கள் தம் மையத்துக்கும் வீட்டுக்கும் இடையே மின்சாரமே வேண்டாத ஒளிப்பிரிப்பிகளை மட்டும் வைக்கின்றன. சிறிய வட்டார நிறுவனங்கள் பல, கட்டடங்களிலும் கம்பங்களிலும் மின்சாரத்தால் இயங்கும் இணைப்புப் பெட்டிகளை வைக்கின்றன. பகுதியில் மின்சாரம் நின்றால் பின்னவை நின்றுவிடும். 'தெருவில் மின்சாரம் உள்ளதா' என்ற கேள்வி இதனாலேயே கையேட்டில் இடம்பெறத் தகுந்தது.

இரண்டு மாற்றுச் சோதனைகள்

விளக்குகள் சரியாக இருந்தால் கோளாறு வேறு எங்கேனும் உள்ளது. அதைக் கண்டறிய ஊழியரின் கைபேசியே போதுமான கருவி. அதைக் கொண்டு இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதற்சோதனையில் கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதை வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்து, இதுவரை திறந்திராத ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டும். முன்பே திறந்த பக்கம் நினைவகத்திலிருந்து தோன்றி ஏமாற்றக்கூடும். மொபைல் டேட்டாவை நிறுத்த மறந்தால் சோதனையே பயனற்றதாகிவிடும். வைஃபை தோற்றாலும் கைபேசி தானாகவே கோபுர இணைப்புக்கு மாறிக்கொள்ளும். பக்கம் திறந்தால் வீட்டு வைஃபையும் கம்பியும் நலமாக உள்ளன.

இரண்டாம் சோதனை இதற்கு எதிர்த்திசையிலானது. கைபேசியின் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவை மீண்டும் இயக்கி, ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியை அதில் இணைத்து, அலுவலகக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இப்போது வீட்டுக் கம்பி முற்றிலும் விலக்கப்பட்டுவிட்டது. கோப்பு திறந்தால் மடிக்கணினியும் அலுவலகமும் நலம். குறை வீட்டு இணைப்பில் உள்ளது.

இரு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் கண்ணி தானே வெளிப்படும். கைபேசி வீட்டு வைஃபையில் தோற்று, மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டில் வென்றால் குறை வைஃபையில் அல்லது கம்பியில். கைபேசி வென்று, மடிக்கணினி இரண்டிலும் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லையெனில் குறை மடிக்கணினியில். கைபேசி வென்று, மடிக்கணினியிலும் பொதுப் பக்கங்கள் திறந்து, அலுவலகக் கோப்பு மட்டும் இரண்டிலும் மறுத்தால் குறை பாதுகாப்பு வாயிலில் அல்லது ஊழியரின் கணக்கில். கடவுச்சொல் காலாவதியாகியிருப்பதும், மடிக்கணினியின் தேதியும் நேரமும் தவறியிருப்பதும் இங்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள். கடிகாரம் பல நாள் பின்தங்கினால் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கணினி கருதி இணைப்பை மறுத்துவிடும்.

முதல் வகைக் குறையில் வைஃபையையும் கம்பியையும் பிரிக்க, ரூட்டரின் அருகே சென்று சோதனையைத் திரும்பச் செய்தால் போதும். அருகில் வேலை செய்து, தொலைவில் தோற்றால் இடையிலுள்ள சுவர்களும் தூரமும் காரணம். அருகிலும் தோற்றால் கம்பியையே ஐயுற வேண்டும். அத்துடன் கட்டணம் நிலுவையில் உள்ளதா, மாதத்திற்கான தரவு வரம்பு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டுள்ளதா என்பதையும் நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்வது நலம்.

நான்கு கட்டளைகள்

இயலுமானவர்களுக்கு மட்டும், விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து தட்டெழுத நான்கு வரிகளைக் கையேட்டில் சேர்க்கலாம்.

```
ipconfig
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping www.india.gov.in
```

முதல் வரி மடிக்கணினியின் முகவரியைக் காட்டும். அது `169.254` என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை. மடிக்கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டுள்ளது. `Default Gateway` என்ற வரியில் உள்ள எண்ணே ரூட்டரின் முகவரி. அது வேறாக இருந்தால் இரண்டாம் வரியில் அதையே இட வேண்டும். இரண்டாம் வரிக்கு விடை வந்தால் வைஃபை நலம். மூன்றாம் வரிக்கு விடை வந்தால் கம்பியும் நலம், வெளியுலகம் எட்டுகிறது. நான்காம் வரி, பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். பணியைச் சோதிக்கிறது.

நான்காம் வரியின் விடையைப் படிப்பதில் பிழை நேர்வதுண்டு. `Request timed out` என்று வந்தாலும், அதற்கு மேல் வரியில் அடைப்புக்குள் ஓர் எண் தோன்றியிருந்தால் பெயர் எண்ணாக மாறிவிட்டது என்றே பொருள். பல இணையதளங்கள் பாதுகாப்புக் கருதி இத்தகைய அழைப்புகளுக்கு விடையளிப்பதில்லை. `could not find host` என்ற சொற்கள் வந்தால்தான் டி.என்.எஸ். பணியில் குறை உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

போபாலில் வீட்டிலிருந்து பணிபுரியும் கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 10.20 மணிக்கு அவருடைய மடிக்கணினியில் அலுவலகக் கோப்பும் திறக்கவில்லை, எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. மாலை 4 மணிக்குள் ஒரு பட்டியலை அனுப்பியாக வேண்டும். சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்வதே அவருக்கு முதலில் தோன்றும் வழி.

கையேடு அவரை முதலில் பெட்டியிடம் அனுப்புகிறது. மின்விளக்கு எரிகிறது. பி.ஓ.என். பச்சையாக நிற்கிறது. எல்.ஓ.எஸ். அணைந்துள்ளது. அடுத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திக் கைபேசியை வீட்டு வைஃபையில் இணைக்கிறார். புதிய பக்கம் உடனே திறக்கிறது. கம்பிமீது இருந்த ஐயம் இத்துடன் தீர்ந்தது. பின்னர் மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறார். அதிலும் எதுவும் திறக்கவில்லை. குறை மடிக்கணினியில் உள்ளது என்பது ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிட்டது.

மீண்டும் வீட்டு வைஃபைக்கு மாறி நான்கு கட்டளைகளையும் இடுகிறார். முகவரி `192.168.1.7`. ரூட்டருக்கு அனுப்பிய நான்கு அழைப்புகளுக்கும் விடை வந்தது. `8.8.8.8` முகவரியிலிருந்தும் நான்கு விடைகள் வந்தன. நான்காம் வரியில் மட்டும் `could not find host`. மடிக்கணினி வெளியுலகை எட்டுகிறது, ஆனால் பெயர்களை எண்களாக மாற்ற அதனால் இயலவில்லை.

இந்த விவரங்களுடன் அவர் அலுவலக உதவி மையத்தை அழைக்கிறார். அங்குள்ளவர் `ipconfig /all` என்று இடச் சொல்கிறார். `DNS Servers` என்ற வரியில் `10` என்று தொடங்கும் எண் காணப்படுகிறது. அது அலுவலகத்தின் உட்புற முகவரி. முந்தைய இரவு வி.பி.என். இணைப்பு முறையாக மூடப்படாமல் அறுந்தபோது, அலுவலகத்துக்குள் மட்டுமே பயன்படும் அந்த முகவரி மடிக்கணினியின் அமைப்பில் தங்கிவிட்டது. வாயிலுக்கு வெளியே இருந்துகொண்டு, வாயிலுக்கு உள்ளே இருப்பவரிடம் வழி கேட்பது போன்ற நிலை இது. உதவி மையத்தினர் அம்முகவரியை நீக்கி, ரூட்டரே முகவரி வழங்குமாறு அமைப்பை மாற்றினர். 10.50 மணிக்குக் கோப்பு திறந்தது.

அவர் சேவை நிறுவனத்தை அழைத்திருந்தால், கம்பியில் குறையில்லை என்ற சரியான விடை கிடைத்திருக்கும். பட்டியல் அன்று சென்றிராது.

செய்யக் கூடாதது

ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது தீங்கற்றது, பல நேரங்களில் பயனும் தருவது. ஆனால் பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் சிறு துளையொன்றில் ஒரு பொத்தான் உள்ளது. அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். சேவை நிறுவனம் அதில் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பு எண் ஆகியன அழியக்கூடும். பத்து நிமிடத்தில் தானாகத் தீர்ந்திருக்கக்கூடிய கோளாறு, தொழில்நுட்பப் பணியாளர் நேரில் வந்தாலன்றித் தீராத கோளாறாக மாறிவிடும். 'அணைத்து இயக்குக' என்ற அறிவுரையையும் 'ரீசெட் செய்க' என்ற அறிவுரையையும் மக்கள் ஒன்றாகக் கருதுவதால், கையேடு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினியின் பாதுகாப்பு மென்பொருளை நிறுத்திப் பார்ப்பதும் இவ்வாறே விலக்கத்தக்கது.

கையேட்டின் வாசகம்

மேற்கூறியவற்றைத் திரட்டினால் ஒரு பக்கத்தில் அடங்கும் வாசகம் பின்வருமாறு அமையும்.

1. தெருவில் மின்சாரம் உள்ளதா? பெட்டியின் மின்விளக்கு எரிகிறதா?
2. எல்.ஓ.எஸ். சிவப்பாகச் சிமிட்டுகிறதா? ஆம் எனில் கம்பியின் மடிப்பை நேராக்குக. சிவப்பு நீங்காவிடில் இத்துடன் நிறுத்திச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவிக்க.
3. பெட்டியையும் மடிக்கணினியையும் ஒருமுறை அணைத்து இயக்குக. ஐந்து நிமிடம் பொறுக்க. ரீசெட் துளையைத் தொடற்க.
4. மொபைல் டேட்டாவை நிறுத்தி, கைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்துப் புதிய பக்கம் ஒன்றைத் திறக்க. திறக்காவிடில் ரூட்டரின் அருகே சென்று மீண்டும் முயல்க. அருகிலும் திறக்காவிடில் கட்டண நிலுவையைப் பார்த்தபின் சேவை நிறுவனத்துக்குத் தெரிவிக்க.
5. கைபேசியின் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவை மீண்டும் இயக்கி, மடிக்கணினியைக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அலுவலகக் கோப்பைத் திறக்க. திறக்காவிடில் தேதி, நேரம், கடவுச்சொல் ஆகியவற்றைச் சரிபார்த்து அலுவலக உதவி மையத்துக்குத் தெரிவிக்க.
6. இயலுமாயின் நான்கு கட்டளைகளின் விடைகளையும் படம் எடுத்துக்கொள்க.

எடுத்துக்காட்டில் கூறிய உதவியாளர் மூன்றாம் படியில் மடிக்கணினியை அணைத்து இயக்கியிருந்தாலும், அமைப்பில் பதிந்துவிட்ட முகவரி நீங்கியிராது. ஆறு படிகளும் எல்லாக் கோளாறுகளையும் தீர்ப்பதில்லை, அவற்றை உரியவரிடம் சேர்க்கின்றன.

புகாரில் நான்கு விவரங்கள் இருத்தல் வேண்டும். கோளாறு தொடங்கிய நேரம், விளக்குகளின் நிலை, இரு மாற்றுச் சோதனைகளின் விடை, திரையில் தோன்றிய பிழைச்செய்தியின் சரியான வாசகம் ஆகியனவே அவை. சேவை நிறுவனத்திடம் புகார் செய்யும்போது பதிவு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் இவ்வெண் வழங்கப்பட வேண்டும். குறை தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகுவதற்கு இதுவே அடிப்படையாகும்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இக்கையேடு போதாது. சோதிக்கும் வேளையில் எல்லாம் நலமாக இருக்கும். அத்தகைய கோளாறுக்கு, அறுந்த நேரத்தையும் அப்போது விளக்குகள் இருந்த நிலையையும் ஒரு வாரம் குறித்துவைப்பதே வழி. நாள்தோறும் மாலை 8 மணிக்கு மேல் மட்டும் வேகம் குறைந்தால் நெரிசலும், மழை பெய்யும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலுள்ள கம்பி இணைப்பில் நீர் புகுவதும் காரணமாக இருக்கலாம்.

இறுதியாக, கையேட்டை வெளியிடும் நிர்வாகம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கையேடுகள் பெரும்பாலும் அலுவலக இணையதளத்திலேயே இடப்படுகின்றன. இணையம் அறுந்தபோது அவற்றைத் திறக்க இயலாது. கையேட்டைத் தாளில் அச்சிட்டு ஒவ்வோர் ஊழியரிடமும் கொடுக்க வேண்டும். உதவி மையத்தின் தொலைபேசி எண்ணை அதன் தலைப்பிலும், ஊழியரின் சேவை நிறுவன எண்ணையும் வாடிக்கையாளர் எண்ணையும் எழுதிக்கொள்ள அதன் அடியில் இரு வெற்று வரிகளையும் விட வேண்டும். அத்தாள் இருக்க வேண்டிய இடம் ரூட்டரை ஒட்டிய சுவர்.